வலி தொப்புளில்... சிக்கல் தொடை இடுக்கில்! குடலிறக்கம் எப்போது எமர்ஜென்சி ஆகிறது?

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைத்தார் ஏற்றும் தொழிலாளி அவர். வயது 58. எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆறு வருடமாக அவருடைய வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு உண்டு. ஆரம்பத்தில் நெல்லிக்காய் அளவு, பிறகு எலுமிச்சை அளவு. தார் தூக்கும்போது வெளியே வரும். வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தால் 'களுக்' என்று உள்ளே போய்விடும். வேட்டிக்குள் இருக்கிற விஷயம் என்பதால் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கும் பாதிதான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணி. லாரியில் கடைசித் தாரை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது புடைப்பு வெளியே வந்தது. வழக்கம்போல வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. கையால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது, தொட்டாலே வலித்தது. ஆறரை மணிக்குத் தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலி. ஏழரைக்கு முதல் வாந்தி.

"ஏங்க, என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் சாப்பிட்டது சேரல. வாயு பிடிச்சிருக்கு, சரியாப் போவும்."

சோடா வந்தது. குடித்த பத்தாவது நிமிடம் அதுவும் வாந்தியாக வெளியே வந்தது. ஒன்பது மணிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். 'வயித்து வலி, வாந்தி' என்று சொன்னார்களே தவிர, புடைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வலி கொஞ்சம் மட்டுப்பட்டது, தூங்கினார். பதினோரு மணிக்கு எழுந்து பச்சையாக வாந்தி எடுத்தார். ஒன்றரை மணிக்கு வயிறு உப்பி, உடம்பு வியர்த்து, பேச்சு குழறியபோதுதான் மகன் 108-ஐ அழைத்தான். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் பார்த்த டியூட்டி டாக்டர் முதலில் செய்த வேலை, வேட்டியை விலக்கித் தொடை இடுக்கைப் பார்த்ததுதான். அங்கிருந்து குளுக்கோஸ் ஏற்றியபடியே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. குடலிறக்கம் நெருக்கடியாக மாறும்போது வழக்கமாக நடப்பவற்றை ஒரே ஆளின் மேல் ஏற்றி, விளக்குவதற்காகச் சொல்லப்பட்டது. இந்தக் கதையில் அண்ணாச்சி ஒரு தவறான முடிவை அல்ல, ஒரு தவறான இடத்தைத்தான் நம்பினார். வலித்தது தொப்புளில். சிக்கியிருந்தது தொடை இடுக்கில்.

ஏன் வலி இடம் மாறித் தெரிகிறது?

வயிற்றுக்கு முன்னால் இருப்பது தோல் மட்டும் அல்ல. தசையும், பாய் போன்ற உறுதியான சவ்வும் அடுக்கடுக்காக இருந்து குடலை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. இந்தச் சுவரில் பிறவியிலேயே சில பலவீனமான இடங்கள் உண்டு. ஆண்களுக்கு, விரைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் வயிற்றிலிருந்து இறங்கி வரும் பாதை தொடை இடுக்கில் இருக்கிறது. எல்லோருக்கும், தொப்புள்கொடி நுழைந்த இடம் தொப்புளில் இருக்கிறது. பழைய அறுவை சிகிச்சைத் தழும்பும் அப்படி ஒரு பலவீனமான இடம்தான். பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, சிறுநீர் போக முக்குவது என்று வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போதெல்லாம் அந்த இடம் இளகி, வயிற்றின் உள் சவ்வு ஒரு பை போல வெளியே பிதுங்குகிறது. அந்தப் பைக்குள் குடலோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையோ வந்து உட்கார்ந்தால் அதுதான் குடலிறக்கம். ஹெர்னியா என்ற சொல் ஊர் வாயில் புகுந்து 'இரணியா' ஆகியும் இருக்கிறது.

குடல் வந்து போகிற வரை பெரிய வலி இருக்காது. பையின் கழுத்து இறுகி, குடல் வளையம் மாட்டிக்கொள்ளும்போதுதான் கதை மாறுகிறது. முதலில் குடலின் வழி அடைபடுகிறது. அடைபட்ட இடத்துக்கு மேலே இருக்கும் குடல், உள்ளே இருப்பதைத் தள்ளப் பார்த்துச் சுருங்கி விரிகிறது. சிறுகுடலின் வலியை மூளை வாங்கிக்கொள்ளும் நரம்புகள் அந்த வலியைத் தொப்புளைச் சுற்றித்தான் காட்டும். குடலின் எந்த வளையம், எங்கே மாட்டியிருந்தாலும் இப்படித்தான். ஆகவே நோயாளி கையை வைத்துக் காட்டுவது வயிற்றின் நடுப்பகுதியை. கேட்பவரும் அஜீரணம், வாயு, அல்சர் என்றே நினைப்பார்.

தள்ள முடியாதது மேலே திரும்புகிறது. அதுதான் வாந்தி. முதலில் சாப்பிட்ட சாப்பாடு, அடுத்து பித்தம் கலந்த பச்சை நீர், நேரம் போகப் போக மல வாடையோடு பழுப்பு நிறத்தில். சோடாவோ சீரகத் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ அடைப்பைத் திறக்காது. வயிற்றில் இன்னும் கொஞ்சம் நீரைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

அடைப்போடு நின்றால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் இறுகிய கழுத்து ரத்தக் குழாய்களையும் நெரிக்கிறது. மெல்லிய சுவருள்ள சிரைகள் முதலில் அமுங்கும். குடலிலிருந்து ரத்தம் வெளியேற முடியாது. உள்ளே வருவது மட்டும் வந்துகொண்டிருக்கும். குடல் வீங்கும். வீங்க வீங்கக் கழுத்து இன்னும் இறுகும். கடைசியில் தமனியும் அடைபட்டு, ரத்தம் வருவதே நின்றுபோகும். சிவப்பாக இருந்த குடல் ஊதா நிறமாகி, கறுத்து, அழுகத் தொடங்கும். இதற்கு அறுவை சிகிச்சை நிபுணர்கள் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஆறு மணி நேரம். சிலருக்கு அதற்கு முன்பே முடிந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் தாங்கும். புடைப்பு சிக்கிய நேரத்திலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரத்திலிருந்து அல்ல.

மறைத்து வைத்த மகாராணி

கூச்சத்தால் நேரத்தை இழப்பது கல்லிடைக்குறிச்சிக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி, மகாராணி கரோலின். 1724-ல் கடைசிக் குழந்தை பிறந்த பிறகு அவருக்குத் தொப்புளில் குடலிறக்கம் வந்தது. கணவரைத் தவிர அநேகமாக யாருக்கும் சொல்லாமல் 13 ஆண்டுகள் மறைத்து வைத்தார்.

1737 நவம்பர் 9. லண்டன் புனித ஜேம்ஸ் அரண்மனையில், தன் புதிய நூலகத்தில் இருந்தபோது கடும் வயிற்று வலி. தொடர்ந்து வாந்தி. அரண்மனை மருத்துவர்கள் வயிற்று வலிக்கான கஷாயங்களும் மதுச் சாறுகளும் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பேதி மருந்தும் கொடுத்தார்கள். எதுவும் தங்கவில்லை. சோடாவும் மாத்திரையும் செய்ததைத்தான் அவையும் செய்தன. அரசர்தான் பொறுக்க முடியாமல், மூன்று நாள் கழித்து அறுவை மருத்துவர் ஜான் ரான்பியின் காதில் விஷயத்தைச் சொன்னார். அப்போதும் மகாராணி தனக்கு வெறும் வயிற்று வலிதான் என்று சாதித்து, மேல் வயிற்றைக் காட்டியிருக்கிறார். ரான்பி தொப்புளைத் தொட்டுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார். மயக்க மருந்து இல்லாத காலம். கத்தி வைத்தும் பலனில்லை. 17-ஆம் தேதி குடல் வெடித்தது. 20-ஆம் தேதி இறந்தார். அவருக்கு வயது 54.

இன்றைக்கு அவரை எந்த மாவட்ட மருத்துவமனையிலும் காப்பாற்றியிருப்பார்கள், முதல் நாளே புடைப்பைக் காட்டியிருந்தால்.

எது காத்திருக்கலாம், எது கூடாது?

குடலிறக்கம் இருக்கிறது என்பதாலேயே நடுராத்திரியில் ஓட வேண்டியதில்லை. படுத்தால் தானாக உள்ளே போகிறது, மெத்தென்று இருக்கிறது, இருமினால் கையில் முட்டுகிறது, வலி இல்லை என்றால் அது இன்றைய அவசரம் இல்லை. அமெரிக்காவில், அதிகத் தொந்தரவு இல்லாத தொடை இடுக்குக் குடலிறக்கம் உள்ள ஆண்களைக் கவனித்து 2006-ல் வெளியான ஆய்வு, இப்படி ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் சுமார் இரண்டு பேருக்குத்தான் திடீர் நெருக்கடி வருகிறது என்று காட்டியது. ஆகவே பயத்தில் தூக்கம் கெட வேண்டாம். அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி, அறுவடை முடிந்தோ, பிள்ளையின் கல்யாணம் முடிந்தோ, நாள் குறித்துச் செய்துகொள்ளலாம்.

நேற்று வரை உள்ளே போன புடைப்பு இன்று போகவில்லை என்றால் கதை வேறு. அது இறுகி, தொட்டால் வலித்து, இருமினாலும் முட்டாமல் இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். கூட வாந்தியும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், 108. வயிறு உப்பியிருக்கிறதா, காற்றும் மலமும் நின்றுவிட்டனவா, புடைப்பின் மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போயிருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் இவையெல்லாம் வரும் வரை காத்திருக்கக் கூடாது. இவற்றில் பலவும் குடல் செத்துக்கொண்டிருக்கும்போது வருபவை.

இரண்டு இடங்களில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, மலம் போகிறதே, அடைப்பு இருக்காது என்று நினைப்பது. குடலின் முழு வளையமும் மாட்டாமல், சுவரின் ஒரு பக்கம் மட்டும் கிள்ளியது போல மாட்டிக்கொள்வது உண்டு. வழி திறந்தே இருக்கும், மலமும் போகும், வாந்தி கூடத் தாமதமாக வரும். மாட்டிய அந்தச் சிறு பகுதி மட்டும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இரண்டு, வலி திடீரென்று குறைவது. பல மணி நேரம் துடித்த ஒருவர் சட்டென்று 'இப்போ பரவாயில்ல' என்றால், புடைப்பு உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். புடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் குறைந்திருந்தால் அது நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம். குடல் செத்துப்போயிருக்கலாம், ஓட்டை விழுந்திருக்கலாம். அண்ணாச்சி ஒன்பது மணிக்கு விழுங்கிய வலி மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்தது. இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க வைத்தது.

பெண்களுக்கு வருவது எங்கே ஒளிந்திருக்கிறது?

குடலிறக்கம் ஆண்களுக்குத்தான் வரும் என்றொரு நினைப்பு ஊரில் உண்டு. எண்ணிக்கையில் ஆண்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆபத்தான ஒரு வகை பெண்களிடம் அதிகம். தொடைக்கு ரத்தக் குழாய் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே ஒரு குறுகிய துவாரம் இருக்கிறது. அதன் விளிம்பு மிகவும் விறைப்பானது. அதன் வழியாகக் குடல் வந்தால் சுண்டைக்காய் அளவோ நெல்லிக்காய் அளவோதான் தெரியும். நெறி கட்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிலும் மெலிந்த தேகம் உள்ள பாட்டிகளுக்கு, இது அதிகம்.

1991-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இரண்டு வகைகளையும் ஒப்பிட்டது. சாதாரணத் தொடை இடுக்குக் குடலிறக்கம் தோன்றிய மூன்று மாதத்துக்குள் நெரிபடும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. தொடை மடிப்புக்குக் கீழே வரும் இந்த வகைக்கு அதே மூன்று மாதத்தில் நூற்றுக்கு 22. அதனால்தான் இந்த வகையைக் கண்டுபிடித்தால், வலி இல்லாவிட்டாலும், 'பார்த்துக்கலாம்' என்று மருத்துவர்கள் விடுவதில்லை.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு, தொடை இடுக்கில் ஒரு சிறு கட்டி என்பது வீட்டில் சொல்லக்கூடிய விஷயமே அல்ல. ஆண் டாக்டர் என்றால் ஆஸ்பத்திரியிலும் சொல்ல மாட்டார்கள். வயிற்று வலி, வாந்தி என்று மட்டும் சொல்லி, சேலைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டுப் பார்க்க விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வயதான பெண்ணுக்குக் காரணம் தெரியாத வாந்தியும் வயிற்று உப்புசமும் இருந்தால், மகளோ மருமகளோ தனியாகக் கூட்டிப்போய், "அம்மா, கவட்டிப் பக்கம் கட்டி எதுவும் இருக்கா?" என்று கேட்டுவிடலாம். இருந்தால் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். பெண் டாக்டரோ நர்ஸோ உடனிருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

பல பிரசவம் கண்ட பெண்களுக்குத் தொப்புளில் வரும் புடைப்பும் கரோலினுக்கு வந்த அதே வகைதான். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது வருகிறது. கல்லீரல் நோயாளிக்குத் தொப்புள் தோல் மெலிந்து பளபளவென்றோ புண்ணாகியோ இருந்தால், வெடிக்கும் முன் காட்ட வேண்டும்.

பச்சைக் குழந்தைக்கு என்றால்?

குழந்தைகள் விஷயத்தில் ஊர் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. தொப்புள் துருத்திக்கொண்டிருந்தால் வீடே பதறி, அதன் மேல் காசு வைத்துக் கட்டுகிறது. தொடை இடுக்கில் வருவதை 'அழுதா வரும், பெருசானா சரியாப் போவும்' என்று விட்டுவிடுகிறது.

உண்மையில், குழந்தைகளின் தொப்புள் புடைப்பில் பெரும்பாலானவை நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும், நெரிபடுவது அரிது. காசு வைத்துக் கட்டுவதால் அது சீக்கிரம் மூடாது, தோல்தான் புண்ணாகும். தொடை இடுக்கில் வருவது தானாகச் சரியாகாது. முதல் வருடத்தில்தான் அது மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். அழுகை நிற்காமல், பால் குடிக்காமல், பச்சை வாந்தி எடுக்கும் கைக்குழந்தைக்கு டயப்பரை அவிழ்த்துத் தொடை இடுக்கைப் பாருங்கள். அங்கே இறுகிய புடைப்பு இருந்தால், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும்.

பள்ளிக்கூடப் பையன்களுக்கும் ஒரு வரி. விரையில் திடீர் வலியும் வாந்தியும் வந்தால், அது குடலிறக்கமாக இல்லாமல் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அதற்கும் கணக்கு மணி நேரங்களில்தான். அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு விடிய விடியப் படுத்திருக்கும் பையன்கள் இதில் விரையையே இழக்கிறார்கள்.

வீட்டில் அழுத்தலாமா?

படுத்தவுடன் தானாகப் போகிற புடைப்பை மெல்லத் தடவி விடுவது வேறு. போகாத, வலிக்கிற புடைப்பை எண்ணெய் போட்டு உருவுவது, ஒத்தடம் கொடுத்து அழுத்துவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவது எல்லாம் வேறு. வீங்கிய குடல் அழுத்தத்தில் கிழியலாம். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். இறுக்கும் வளையத்தோடு சேர்ந்தே மொத்தமும் உள்ளே போய்விடும். வெளியே புடைப்பு இருக்காது, எல்லோரும் மூச்சு விடுவார்கள். உள்ளே குடல் அதே சுருக்கில் நெரிபட்டுக்கொண்டிருக்கும்.

மருத்துவமனையில் டாக்டர்களும் சில நேரம் கையால் தள்ளிப் பார்ப்பது உண்டே என்று கேட்கலாம். உண்டு. சிக்கி அதிக நேரம் ஆகாமல், தோல் சிவக்காமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தால், வலிக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுத்து, தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்க வைத்து, நிதானமாக முயல்வார்கள். போய்விட்டாலும் வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் வைத்துக் கவனிப்பார்கள். செத்த குடல் உள்ளே போயிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

கிளம்பும்போது தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டார், புடைப்பு எத்தனை மணிக்குச் சிக்கியது என்ற இரண்டு நேரங்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போடுங்கள். சர்க்கரை மாத்திரையும், இதய நோய்க்கான ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் 'வயித்து வலி' என்று முடித்துவிடாதீர்கள். 'குடலிறக்கம் சிக்கிக்கிச்சு, வாந்தி எடுக்காரு' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம், எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையே மாற்றும். இரவு நேரத்தில் அறுவை சிகிச்சை நிபுணரும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடம்தான் இங்கே தேவை. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். ஆறு மணி நேரக் கணக்கில் அது சின்னத் தொகை அல்ல.

அந்த அதிகாலையில் நடந்தது

அண்ணாச்சி ஹைகிரவுண்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. புடைப்பு சிக்கிப் பத்து மணி நேரம். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போனது. அரை பக்கெட் பழுப்பு நீர் அதன் வழியாக வெளியே வந்தது. இரண்டு கையிலும் சலைன், ஆன்டிபயாடிக் ஊசி, சிறுநீர் அளக்க ஒரு குழாய், ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. வாந்தியில் உடம்பின் நீரும் உப்பும் வெளியேறி ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. அதைக் கொஞ்சம் ஏற்றாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அதேசமயம் அதற்காக விடியும் வரை காத்திருக்கவும் முடியாது. நான்கரை மணிக்குத் தியேட்டர்.

தொடை இடுக்கைத் திறந்து பையைக் கீறியதும் கறுப்பு கலந்த ரத்த நீர் வந்தது. இறுக்கிய வளையத்தை வெட்டும் முன், குடலை ஓர் உதவியாளர் கையில் பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் வளையம் தளர்ந்த நொடியில் அது வயிற்றுக்குள் நழுவிவிடும், கெட்டதா நல்லதா என்று பார்க்க முடியாமல் போய்விடும். வளையத்தை வெட்டிய பிறகு, ஊதா நிறத்தில் இருந்த குடலை வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடி, ஆக்சிஜனை முழு அளவில் கொடுத்து, எல்லோரும் சில நிமிடங்கள் சும்மா நின்றார்கள். அறுவை அரங்கில் யாரும் எதையும் வெட்டாமல் காத்திருக்கும் அபூர்வமான நேரம் அது.

துணியை விலக்கினால், உயிருள்ள குடல் இளஞ்சிவப்பாகி, பளபளப்பு திரும்பி, லேசாகச் சுண்டினால் புழு போல நெளிய வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் துடிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் நிறம் திரும்பியது. நடுவில் ஒரு சாண் நீளம் மட்டும் கறுப்பாகவே, மங்கலாகவே கிடந்தது. அதை வெட்டி எடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள்.

இரவு ஏழரை மணிக்கு, முதல் வாந்தியிலேயே கிளம்பியிருந்தால், ஒன்பது மணிக்கெல்லாம் டாக்டர் கையில் இருந்திருப்பார். அந்த ஒரு சாண் அவருடனேயே இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கும் ஒரு வருடம் முன்பே நாள் குறித்து வந்திருந்தால், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைத்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமும் இல்லை. இடுப்பில் கட்டும் பெல்ட் இந்த வேலையைச் செய்யாது. வெளியே வருவதை அமுக்கி வைக்குமே தவிர, துவாரத்தை மூடாது. குடல் வெளியே இருக்கும்போதே கட்டினால் அதுவே நசுக்கும்.

குடலை வெட்டிச் சேர்த்த இடத்தில் கிருமி இருக்கும் என்பதால், அண்ணாச்சிக்கு வலை வைக்கவில்லை. அவருடைய சொந்தத் தசையையே இழுத்துத் தைத்து மூடினார்கள். வலை இல்லாத தையலில் குடலிறக்கம் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நான்காவது நாள் காற்று பிரிந்தது. மூக்குக் குழாயை எடுத்தார்கள். முதலில் இளநீர், அடுத்து கஞ்சி. பத்தாவது நாள் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது டாக்டர் மூன்று மாதத்துக்குத் தார் தூக்கக் கூடாது என்றார். நாள்பட்ட இருமலுக்குக் காரணமான பீடியை விடச் சொன்னார். அதே இடத்திலோ, மறுபக்கமோ புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே வரச் சொன்னார்.

அண்ணாச்சியின் மனைவி சீட்டை வாங்கிக்கொண்டு, வார்டு வாசலில் நின்ற கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரய்யா, இவருக்கும் இருக்கு. ரெண்டு வருசமா சொல்ல மாட்டேங்காரு. இவரையும் பாத்துருங்க."